சமையல் வீடியோ ஸ்கிரிப்டைத் தமிழாக்குவது எப்படி? அளவு, மாற்றுப் பொருள், வசனம்: முழுமையான வழிகாட்டி

சமையல் வீடியோவைத் தமிழாக்கப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறார்கள். "வணக்கம், இன்று நாம் செய்யப்போவது" என்று ஆரம்பித்து வரிசையாக இறங்குகிறார்கள். பாதி வழியில் ஓர் அளவு இடிக்கும். அதைச் சரிசெய்தால் முன்னால் எழுதியது தப்பாகும். கடைசியில் தமிழ் நன்றாக இருக்கும், பண்டம் வராது.

இந்த வேலையில் பொருள் பட்டியல் முதலில், வாக்கியங்கள் பிறகு. பட்டியல் தமிழ்நாட்டுச் சமையலறையில் நிற்கிறது என்று உறுதியான பிறகு வசனம் எழுதினால், வசனம் பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு அமெரிக்கச் சமையல்காரர் ஒருவர் செய்கிற பனானா பிரெட்டை எடுத்துக்கொள்கிறேன். பெயரில் பிரெட் இருந்தாலும் அது ஈஸ்ட் போடாத வாழைப்பழக் கேக். பழக வருகிறவர்களிடம் நான் முதலில் கொடுப்பது இதைத்தான். தடுமாற வைக்கிற எல்லாமே இந்தச் சின்னப் பட்டியலில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் அவர் சொல்லும் பொருட்கள்: உப்பில்லாத வெண்ணெய் ஒரு ஸ்டிக், அழுத்தி அளந்த பிரவுன் சுகர் முக்கால் கப், பெரிய முட்டை இரண்டு, நன்றாகக் கனிந்த வாழைப்பழம் மூன்று, பட்டர்மில்க் அரை கப், ஆல் பர்ப்பஸ் ஃப்ளார் இரண்டு கப், பேக்கிங் சோடா ஒரு டீஸ்பூன், கோஷர் உப்பு அரை டீஸ்பூன், வெனிலா ஒரு டீஸ்பூன், பீக்கன் பருப்பு முக்கால் கப். ஒன்பதுக்கு ஐந்து அங்குல அச்சில், 350°F சூட்டில், 55 முதல் 60 நிமிடம்.

## 1. தொடங்கும் முன் தேவையானவை

வீடியோ வேறொருவருடையது என்றால் அவருடைய அனுமதி முதலில் வேண்டும். அது கிடைத்த பிறகு மூலத்தின் எழுத்து வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். தானாக உருவாகும் கேப்ஷனை நம்பி அளவுகளை எடுக்காதீர்கள். "ஒன்றரை" என்று சொன்னது "அரை" என்று விழுந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எண் வருகிற ஒவ்வொரு இடத்தையும் காதால் கேட்டு, வீடியோவின் கீழே உள்ள விவரக் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது தேவை, கிராம் காட்டும் சமையலறைத் தராசு. மூன்றாவது, 240 மி.லி. அளவுக் கப்பும் 5 மி.லி., 15 மி.லி. ஸ்பூன்களும். இவை இல்லாமல் இணையத்து அட்டவணையை மட்டும் வைத்து மாற்றினால், எழுதிய எண் சரியா என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

## 2. முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

சமையல்காரர் வாயால் சொல்வது பாதி, கையால் சொல்வது பாதி. ஒலி ஓடும்போது கண் கையைக் கவனிப்பதில்லை.

இந்த வீடியோவில் அவர் "முக்கால் கப் பிரவுன் சுகர்" என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் சர்க்கரையைக் கப்புக்குள் அழுத்துகிறார். கவிழ்த்தால் அது கப் வடிவத்திலேயே நிற்கிறது. அழுத்தி அளந்தால் முக்கால் கப்பில் 160 கிராம் பிடிக்கும். அள்ளிப் போட்டால் அதைவிட நன்றாகக் குறையும். மாவுக்கு நேர்மாறு: மாவைக் கிளறிவிட்டு, ஸ்பூனால் கப்பில் தூவி, மேலே கத்தியால் வழிக்கிறார். இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

வெண்ணெயை விரலால் அழுத்திக் காட்டுகிறார், குழி விழுகிறது. இதையெல்லாம் நேரத்தோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வசனத்தில் சேர்க்க வேண்டியவை இவைதான்.

## 3. அது எந்த ஊர்க் கப் என்று கண்டுபிடியுங்கள்

கப் என்பது எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. அமெரிக்கக் கப் ஏறத்தாழ 240 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250 மி.லி. டேபிள்ஸ்பூனில் வேறுபாடு இன்னும் பெரிது: மற்ற இடங்களில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20 மி.லி. பைண்ட் என்று வந்தால் அமெரிக்காவில் 473 மி.லி., பிரிட்டனில் 568 மி.லி. எனவே சமையல்காரர் எந்த நாட்டுக்காரர் என்று பார்க்காமல் எந்த எண்ணையும் மாற்றாதீர்கள்.

அடுத்தது, பார்க்கிறவர் வீட்டில் என்ன இருக்கிறது என்பது. நம் வீடுகளில் கப் என்றால் காபி டம்ளராக இருக்கலாம், ரைஸ் குக்கரோடு வந்த 180 மி.லி. கப்பாகவும் இருக்கலாம். "எந்தக் கப்பாக இருந்தால் என்ன, எல்லாவற்றுக்கும் அதே கப்பை எடுத்தால் விகிதம் சரியாக வருமே" என்று புதியவர்கள் கேட்பார்கள். பாயசத்துக்கு அது சரி. இங்கே வெண்ணெய் ஸ்டிக் கணக்கில், முட்டையும் பழமும் எண்ணிக்கையில் வருகின்றன. இவை கப்போடு சேர்ந்து சுருங்குவதில்லை. 180 மி.லி. கப்பில் மாவை அளந்து இரண்டு முட்டையும் மூன்று பழமும் போட்டால் மாவு நீர்த்துவிடும்.

ஸ்பூன் விஷயத்தில் "கரண்டி" என்ற சொல்லைத் தனியாக எழுதவே எழுதாதீர்கள். தமிழ்நாட்டில் கரண்டி என்றால் சாம்பார் ஊற்றுவது. தேக்கரண்டி, மேசைக்கரண்டி என்று எழுதலாம். ஆனால் வேகமாகப் பேசும்போது இரண்டும் ஒன்றுபோலக் காதில் விழும். அதனால் நான் டீஸ்பூன், டேபிள்ஸ்பூன் என்றே எழுதி, முதல்முறை வரும்போது 5 மி.லி., 15 மி.லி. என்று சேர்த்துவிடுவேன்.

## 4. கப்பைக் கிராமாக்குங்கள், ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக

ஒரு கப் மாவும் ஒரு கப் சர்க்கரையும் ஒரே எடை அல்ல. இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு கப் 240 கிராம் என்று எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிற தவறு ஓயவில்லை. 240 என்பது தண்ணீருக்குத்தான் பொருந்தும். மாவில் ஒரு கப் 125 கிராம்தான். அவுன்ஸ் வந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும்: எடை அவுன்ஸ் 28 கிராம், திரவ அவுன்ஸ் ஏறத்தாழ 30 மி.லி.

ஸ்பூனால் தூவி வழித்தால் இரண்டு கப் மைதா 250 கிராம். கப்பைப் பாக்கெட்டுக்குள் விட்டு அள்ளினால் அதே இரண்டு கப் 290 கிராம்வரை போகும். அந்த நாற்பது கிராம்தான் கேக்கைக் காய்ந்த ரொட்டியாக்குகிறது. ஆகவே திரவங்களை மி.லி.யிலும் மற்றவற்றைக் கிராமிலும் முதலில் எழுதுங்கள். தராசு இல்லாதவருக்காகக் கப் அளவைப் பிறகு, "ஸ்பூனால் நிரப்பி வழித்த 240 மி.லி. கப்" என்று முறையையும் சேர்த்து எழுதுங்கள்.

வெண்ணெய் ஒரு ஸ்டிக் 113 கிராம். இதை 113 என்றே எழுதிவிட்டு நகர்ந்தால் வேலை முடிந்ததாகாது. நம் கடையில் கிடைப்பது நூறு கிராம் பாக்கெட். "100 கிராம் பாக்கெட் ஒன்று, அதோடு ஒரு டேபிள்ஸ்பூன்" என்று எழுதினால் பார்க்கிறவர் நேராக அடுப்படிக்குப் போய்விடலாம். ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய் 14 கிராம், கணக்கு ஒத்துவருகிறது.

வாழைப்பழத்தில்தான் எல்லோரும் விழுகிறார்கள். "மூன்று வாழைப்பழம்" என்பதில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அவர் கையில் இருப்பது கேவண்டிஷ் வகை. உரித்தால் ஒன்று 115 கிராம் அளவுக்கு இருக்கும். நம் வீட்டில் பூஜைக்கு வாங்கும் பூவன் மூன்றை எடுத்தால் அதில் பாதிதான் தேறும். எனவே "தோல் நீக்கி மசித்த வாழைப்பழம் 350 கிராம், அதாவது ஒன்றரை கப்" என்று எழுதுங்கள். கடையில் பச்சை வாழைப்பழம் என்றும் மோரிஸ் என்றும் சொல்வது அதே கேவண்டிஷ் இனத்தைச் சேர்ந்தது. மூன்று என்ற எண்ணைத் திரையிலே காட்டுகிறார்களே என்றால், "மோரிஸ் என்றால் மூன்று" என்று சொல்லிவிடுங்கள். பழத் தோலில் கரும்புள்ளி விழுந்திருக்க வேண்டும் என்பதையும் விடாதீர்கள். காயாக இருந்தால் இனிப்பும் வராது, மசியவும் மசியாது.

## 5. பெயர் ஒன்றாக இருந்தும் பொருள் வேறாகும் இடங்கள்

கிடைக்காத பொருள் பெரிய ஆபத்தில்லை. அது கிடைக்காது என்று நமக்கே தெரியும், தேடுவோம். தமிழில் ஒரு பெயர் தயாராக இருந்து, அந்தப் பெயர் வேறொன்றைக் குறிப்பதுதான் ஆபத்து.

பட்டர்மில்க் என்பதற்கு அகராதி மோர் என்கிறது. கடையில் விற்கும் அமெரிக்க பட்டர்மில்க், பாலை உறையவைத்துப் புளிக்கச் செய்தது. தோசை மாவு மாதிரி கெட்டியாக விழும். நம் மோர் தண்ணீராக இருக்கும். என்னோடு வேலை பழகியவர் ஒருவர் "அரை கப் மோர்" என்று எழுதியதை அப்படியே வைத்து, அவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்கா செய்து பார்த்தார். மதியம் கடைந்து உப்பும் பெருங்காயமும் போட்ட மோரைத்தான் ஊற்றினார். ஸ்கிரிப்ட் சொன்னதை அவர் துளியும் மீறவில்லை. கேக் நடுவில் குழிந்து, அடியில் களி மாதிரி ஒரு பட்டை நின்றது.

அடுத்தது மாவு. ஆல் பர்ப்பஸ் ஃப்ளார் தமிழ்நாட்டில் மைதா. இலங்கைத் தமிழர் அதைக் கோதுமை மா என்பார்கள், தவிட்டோடு அரைத்தது அவர்களுக்கு ஆட்டா மா. தமிழ்நாட்டில் கோதுமை மாவு என்றால் சப்பாத்தி மாவு. இரு தரப்பும் பார்க்கிற சேனல் என்றால் "மைதா, இலங்கையில் கோதுமை மா" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

இந்தச் செய்முறையில் இல்லாவிட்டாலும் கார்ன்ஸ்டார்ச்சைச் சொல்லிவைக்கிறேன். அதைச் சோள மாவு என்று எழுதினால் சிலர் மக்காச்சோள மாவை வாங்குவார்கள், சிலர் வெள்ளைச் சோளத்தை அரைப்பார்கள். நம் கடையில் அதன் பெயர் கார்ன்ஃப்ளார். வெள்ளையாக, விரலில் தேய்த்தால் கிறீச்சிடுகிற பொடி என்று ஓர் அடையாளமும் சேர்த்துவிடுங்கள்.

பேக்கிங் சோடா என்பது நம் ஆப்பசோடா. பேக்கிங் பவுடர் வேறு. அது சோடாவையும் அமிலப் பொடியையும் சேர்த்துச் செய்தது, வீரியம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வசனத்தில் "சோடா" என்றும் பிறகு "பேக்கிங் பவுடர்" என்றும் மாற்றி மாற்றி எழுதாதீர்கள். ஒரு டீஸ்பூன் பவுடர் கேட்கும் இடத்தில் ஒரு டீஸ்பூன் சோடா போட்டால் சோப்பு வாடை அடிக்கும், வாயில் வைக்க முடியாது.

## 6. மாற்றுப் பொருள் சொல்லும் முன், மூலப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள்

மாற்றுப் பொருளைச் சுவையை வைத்துத் தேடக்கூடாது, வேலையை வைத்துத் தேட வேண்டும். பட்டர்மில்க்கையே எடுத்துக்கொள்வோம். அது மூன்று வேலை செய்கிறது: மாவுக்கு ஈரம் தருகிறது, புளிப்பால் சோடாவைப் பொங்க வைக்கிறது, கெட்டியாக இருப்பதால் மாவை நீர்க்கவிடாமல் வைக்கிறது. பாலை ஊற்றினால் ஈரம் மட்டும் கிடைக்கும். சோடாவுக்குப் புளிப்பு போதாமல், பொங்காத மிச்சம் கேக்கிலேயே தங்கி வாடை அடிக்கும்.

மூன்று வேலையையும் செய்வது நம் வீட்டுத் தயிர்தான். அரை கப் பட்டர்மில்க்குக்கு ஆறு டேபிள்ஸ்பூன் தயிரும் இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரும் சேர்த்து, கட்டியில்லாமல் அடித்தால் 120 மி.லி. கிடைக்கும். முந்தின நாள் உறைந்த, கொஞ்சம் புளித்த தயிர் நல்லது. மொத்தத்தில் முக்கால் பங்கு தயிர், கால் பங்கு தண்ணீர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் எந்த அளவுக்கும் பொருத்தலாம். ஆங்கிலப் பக்கங்களில் பாலில் எலுமிச்சைச் சாறு விடச் சொல்வார்கள். அதுவும் நடக்கும், ஆனால் தயிர் இருக்கிற வீட்டுக்கு அது சுற்றுவழி.

வசனத்தில் இந்தக் கலவைக்கு ஒரு பெயர் வைத்து, கடைசிவரை அதையே சொல்லுங்கள். நான் "தயிர்க் கரைசல்" என்று வைத்திருக்கிறேன். ஓரிடத்தில் பட்டர்மில்க், இன்னோரிடத்தில் மோர் என்று வந்தால் அவை இரண்டு பொருட்கள் என்று பார்க்கிறவர் நினைத்துக்கொள்வார்.

பிரவுன் சுகர் என்பது மொலாசஸ் என்ற கருநிறக் கரும்புப்பாகு கலந்த வெள்ளைச் சர்க்கரை. ஈரம் பிடித்துவைப்பதும் மணம் தருவதும் அதன் வேலை. நாட்டுச்சர்க்கரை நன்றாகப் பொருந்தும், எடைக்கு எடை போடலாம். ஆனால் கப்பில் அளந்தால் தப்பு வரும். நாட்டுச்சர்க்கரை உலர்ந்திருப்பதால் அழுத்தினாலும் அந்த அளவுக்குப் பிடிக்காது. எனவே 160 கிராம் என்றே சொல்லுங்கள், சலித்துப் போடச் சொல்லுங்கள். சில நேரம் மண் இருக்கும், வெண்ணெயில் கலந்த பிறகு அதை எடுக்க முடியாது. கேக் மூலத்தில் தெரிவதைவிடக் கருத்துத்தான் வரும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் தீய்ந்துவிட்டதோ என்று பயந்து பாதி வேக்காட்டில் எடுத்துவிடுவார்கள்.

வெண்ணெயும் உப்பும் சேர்ந்தே வரும். கடையில் எளிதாகக் கிடைப்பது உப்பு வெண்ணெய். கோஷர் உப்பு பரல் பெரிதான உப்பு. ஒரே ஸ்பூனில் நம் தூள் உப்பைவிடக் குறைவாகவே பிடிக்கும், அரை டீஸ்பூனுக்குக் கால் டீஸ்பூன் தூள் உப்பு ஈடாகும். உப்பு வெண்ணெய் போட்டால் அந்தக் கால் டீஸ்பூனையும் விட்டுவிடலாம். ஆக மாற்றியது ஒரு பொருளாக இருந்தாலும் திருத்த வேண்டியது இரண்டு வரி.

பீக்கன் வெறும் கடிப்புக்குத்தான். வால்நட், முந்திரி, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை எதுவும் சரி, எதுவும் போடாமல் விட்டாலும் சரி. வெனிலா எக்ஸ்ட்ராக்டுக்குப் பதில் எசன்ஸ் என்றால் அரை டீஸ்பூனாகக் குறையுங்கள், எசன்ஸின் மணம் தூக்கலாக இருக்கும்.

முட்டை இல்லாமல் செய்யலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். இந்தப் பண்டத்தில் மசித்த பழமே பாதி பிடிப்பைத் தருவதால், ஒரு முட்டைக்குக் கால் கப் தயிர் என்று போட்டால் கேக் கொஞ்சம் கனமாக, ஆனால் சாப்பிடும்படி வரும். முட்டையை நுரைக்க அடித்து அதன் காற்றாலேயே உப்புகிற ஸ்பாஞ்ச் கேக்குக்கு இந்த மாற்றைச் சொல்லவே கூடாது. அங்கே "முட்டை இல்லாமல் இது வராது" என்று எழுதுவதுதான் சரி. வராததை வரும் என்று சொல்லி ஒருவருடைய வெண்ணெயையும் மாவையும் வீணாக்க நமக்கு உரிமை இல்லை.

## 7. சூடு, அச்சு, நேரம்

ஃபாரன்ஹீட்டை மாற்றும் வழி இது:

```
C = (F − 32) × 5 / 9
```

350°F என்பது 176.7 வரும். அதை அப்படியே எழுதுவதில் பயனில்லை, எந்த ஓவன் குமிழிலும் அப்படி ஒரு கோடு கிடையாது. 175 என்றோ 180 என்றோ எழுதுங்கள். 325°F வந்தால் 165, 375°F வந்தால் 190, 400°F வந்தால் 200. ஓவனில் காற்றாடி ஓடுகிறது என்றால் அதிலிருந்து 20 டிகிரி குறைக்க வேண்டும். நம் வீடுகளில் உள்ள கன்வெக்ஷன் மைக்ரோவேவில் காற்றாடி ஓடும் என்பதால் இந்த வரி அவசியம்.

ஒன்பதுக்கு ஐந்து அங்குல அச்சு 23க்கு 13 சென்டிமீட்டர். அந்த அச்சு இல்லாதவர்களுக்கு 20 சென்டிமீட்டர் வட்டக் கேக் டின்னைச் சொல்லலாம். எதுவானாலும் மாவு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிறையக்கூடாது. வட்ட டின்னில் மாவு பரந்து கிடப்பதால் சீக்கிரம் வேகும். "35 நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள், நடுவில் குத்திய குச்சி ஈரமாவு ஒட்டாமல் வரவேண்டும்" என்று எழுதுங்கள். நிமிடத்தை மட்டும் நம்பவைக்காதீர்கள், ஓவனுக்கு ஓவன் மாறும். குச்சி பொய் சொல்லாது, அது வாழைப்பழத் துண்டில் குத்தியிருந்தால் தவிர. அப்போது வேறோர் இடத்தில் குத்தச் சொல்லுங்கள்.

ஓவனே இல்லாதவருக்குக் கனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றி, சிறு தீயில் வேகவைக்கும் முறையைச் சொல்லலாம். குக்கரைப் பயன்படுத்தினால் கேஸ்கெட்டும் வெயிட்டும் கழற்றியிருக்க வேண்டும் என்பது அந்த வாக்கியத்தின் முதல் சொல்லாக வரட்டும்.

## 8. வினைச்சொற்களுக்கு அகராதியை விட்டுக் கையைப் பாருங்கள்

அவர் ஒரே நிமிடத்தில் க்ரீம், பீட், விஸ்க், ஃபோல்ட் என்று நான்கு சொல் சொல்கிறார். புதியவர்கள் நான்கையும் "கலக்கவும்" என்று எழுதிவிடுகிறார்கள். நான்கும் நான்கு வேலை, ஒன்றை இன்னொன்றாகச் செய்தால் கேக் கெடும்.

க்ரீம் என்பது வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து, நிறம் வெளுத்துப் பஞ்சுபோல் ஆகும்வரை அடிப்பது. "குழைத்து அடியுங்கள்" என்பது பொருந்தும். பீட் வெறும் அடிப்பது. விஸ்க் இங்கே மைதா, சோடா, உப்பு மூன்றையும் கம்பிக் கலக்கியால் சீராக்குவது, நமக்குச் சலித்தாலே அந்த வேலை முடிந்துவிடும். ஃபோல்ட் என்பதை "மடிக்கவும்" என்று எழுதி அனுப்பியவர்கள் உண்டு. அடியிலிருந்து மாவை அள்ளி மேலே புரட்டிப் போடுவது என்று அதைச் செயலாகவே சொல்ல வேண்டும்: "அடியிலிருந்து அள்ளி மெல்லப் புரட்டுங்கள்".

சொல் கிடைக்காத இடத்தில் அடையாளத்தைச் சொல்லுங்கள். வெண்ணெய் மென்மையாக இருக்க வேண்டும் என்பதைவிட, விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் உருகியிருக்கக்கூடாது என்பது உதவும். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்லும் மூல வசனத்தை அப்படியே எழுதினால் வெண்ணெய் எண்ணெயாகிவிடும், சர்க்கரையோடு அடித்தாலும் காற்றைப் பிடிக்காது. சித்திரை, வைகாசியில் பத்து, பதினைந்து நிமிடமே அதிகம்.

## 9. வசனத்தைக் காட்சியோடு சேர்ப்பது

இப்போதுதான் வாக்கியங்களுக்கு வருகிறோம். தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் முன்னால் வரும். "ஊற்றுங்கள்" என்ற சொல் நாம் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஊற்றி முடித்திருப்பார். அதனால் நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடைக்க வேண்டும், ஒரு செயலுக்கு ஒரு வாக்கியம்.

அவர் சொல்வது இது: பட்டர்மில்க்கை ஊற்று, உலர்ந்த மாவு கண்ணில் படாமல் போன அந்தக் கணமே கலக்குவதை நிறுத்து. ஒரே மூச்சில், மூன்றரை நொடியில் சொல்கிறார். முதல் வரைவில் ஒருவர் எழுதியது: "மோரை ஊற்றி, உலர்ந்த மாவு இனிமேல் தெரியாத உடனேயே கலக்குவதை நிறுத்திவிடுங்கள்." வாய்விட்டுப் படித்தால் ஆறு நொடி. நாங்கள் திருத்தியது:

```
14
00:03:12,000 --> 00:03:15,500
தயிர்க் கரைசலை ஊற்றுங்கள்.
மாவு மறைந்ததும் நிறுத்துங்கள்.
```

"உலர்ந்த" போய்விட்டது, படத்திலேயே வெள்ளை மாவு தெரிகிறது. "கலக்குவதை"யும் போய்விட்டது, கை கலக்கிக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதை வாய் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி மிச்சப்படுத்திய நொடிகளில்தான் கட்டைவிரல் அழுத்தியதையும், மாவை வழித்ததையும் சொல்ல இடம் கிடைக்கும். நிறுத்துவதற்கான காரணத்தை அடுத்த மூச்சில் வையுங்கள்: "அதிகம் கலக்கினால் கேக் ரப்பர் மாதிரி இழுக்கும்." காரணம் தெரிந்தவர் நிறுத்துவார், தெரியாதவர் கட்டி போகட்டும் என்று இன்னும் நான்கு சுற்று சுற்றுவார்.

அளவு எண்ணைப் பொருளுக்குப் பின்னால் வையுங்கள். "மைதா 250 கிராம்" என்று கேட்டால் கை மாவை எடுக்கும், பிறகு அளக்கும். அரை, கால், முக்கால், ஒன்றரை ஆகியவற்றைச் சப்டைட்டிலில் சொல்லாகவே எழுதுங்கள். சின்னத் திரையில் ½ என்பதும் ¼ என்பதும் ஒன்றுபோலத் தெரியும்.

## 10. திரையில் ஏற்கெனவே எரியும் எண்கள்

மூல வீடியோவில் பெரிய எழுத்தில் 350°F என்று வரும். அதே நேரம் நம் குரல் 180 என்று சொல்லும். பார்க்கிறவர் எழுத்தைத்தான் நம்புவார், 350 வரை ஓவனில் கோடே இல்லையே என்று குழம்புவார், அல்லது குமிழைக் கடைசிவரை திருப்பிவிடுவார். எழுத்தை அழிக்க முடியுமானால் அழியுங்கள். முடியாவிட்டால் அதன் மீதே 180°C என்று பட்டை போட்டு மூடுங்கள். அதுவும் முடியாவிட்டால், "திரையில் தெரிவது ஃபாரன்ஹீட், நமக்கு 180" என்று ஒரு வரி பேசியாக வேண்டும். கப் அளவுகள் ஒளிரும் இடங்களுக்கும் இதுவே வழி.

## 11. வீடியோவைக் காட்டாமல் ஒருவரைச் சமைக்கச் சொல்லுங்கள்

எழுதி முடித்ததும் தமிழ் ஸ்கிரிப்டை மட்டும் அச்சடித்து, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். பக்கத்தில் நில்லுங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அந்த வரி சரியில்லை. "இதுவா?" என்று பொருளைத் தூக்கிக் காட்டினால் பெயரில் பிழை. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டால் அடையாளம் சொல்ல விட்டுவிட்டோம்.

கேக்கையும் படிக்கலாம். அடியில் களிபோன்ற பட்டை நின்றால் ஈரம் கூடிவிட்டது, தயிர்க் கரைசலையும் பழ எடையையும் பாருங்கள். உள்ளே நீள நீளமான குகைபோல் ஓட்டை ஓடினால் அதிகம் கலக்கிவிட்டார், நிறுத்தச் சொன்ன வரி காதில் சரியாக விழவில்லை. சோப்பு வாடை வந்தால் சோடா கூடியது அல்லது புளிப்பு குறைந்தது. மேலே கருகி உள்ளே வேகாமல் இருந்தால் காற்றாடிக்கான 20 டிகிரியைக் குறைக்கவில்லை. நடுவில் மேலே ஒரு நீளக் கீறல் விழுந்தால் ஒன்றும் தப்பில்லை, இந்தக் கேக் அப்படித்தான் வரும். அதையும் ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டாம் முறை கொடுத்தபோது அவர் மூன்று இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். நாட்டுச்சர்க்கரையைச் சலிப்பதா இடிப்பதா என்று ஒருமுறை, வட்ட டின்னில் பட்டர் பேப்பர் போட வேண்டுமா என்று ஒருமுறை, சூடாக இருக்கும்போதே கவிழ்க்கலாமா என்று ஒருமுறை. மூன்றுக்கும் மூலத்தில் பதில் இல்லை. சலியுங்கள், அடியில் பேப்பர் போடுங்கள், பத்து நிமிடம் ஆறவிட்டுக் கவிழுங்கள் என்று மூன்று வரி சேர்த்தோம். அப்புறம்தான் ரெக்கார்டிங்குக்கு அனுப்பினோம்.